ஆஃபரை ஏற்ற பிறகு எச்.ஆருக்கு அனுப்ப வேண்டிய ஒரே மெயில்

“அக்கா, எனக்கு ஊர் கோட்டையூர். கோயம்புத்தூரில் மூன்று வருடமாக வேலை. சென்னையில் ஒரு கம்பெனி ஆஃபர் கொடுத்து, நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இங்கே கடைசி நாள் ஜூலை 31, அங்கே சேருவது ஆகஸ்ட் 3. ஆறு மாதம் புரொபேஷன். முதல் மூன்று மாதம் ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்கிறார்கள். லேப்டாப் எப்போது வரும், என்ன சர்ட்டிபிகேட் கேட்பார்கள், முதல் நாள் எங்கே போவது, எதுவும் தெளிவாக இல்லை. எச்.ஆரிடம் என்னென்ன கேட்கலாம்? நிறையக் கேட்டால் ஆஃபரையே வாபஸ் வாங்கிவிடுவார்களா?”

தம்பி, கேள்வி கேட்டதற்காக ஒரு ஆஃபரை வாபஸ் வாங்கியதை நான் பார்த்ததில்லை. சென்னையில் பதினான்கு வருடம் எச்.ஆர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்; இப்போது காரைக்குடியில் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு எரிச்சல் வருவது திங்கட்கிழமை ஒரு மெயில், புதன்கிழமை ஒரு வாட்ஸப், வெள்ளிக்கிழமை ‘இன்னொண்ணு கேட்க மறந்துட்டேன் மேடம்’ என்று ஒரு போன் வரும்போதுதான். எல்லாவற்றையும் ஒரே மெயிலில், எண் போட்டு, எட்டு முதல் பத்துக் கேள்விக்குள் கேட்டால் எந்த எச்.ஆரும் உட்கார்ந்து பதில் எழுதிவிடுவார். அந்த மெயிலும் உங்கள் சொந்த மெயில் முகவரியிலிருந்து போகட்டும். கோயம்புத்தூர் ஆபீஸ் மெயில் ஜூலை 31 சாயங்காலம் மூடிவிடும். பதில்கள் அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எழுதுவதற்கு முன் ஆஃபர் லெட்டரை ஒருமுறை பென்சிலோடு படியுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பக் கேட்டால், படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் என்ற பெயர்தான் வரும். அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சல்லடையில் போடுங்கள்: இதற்கு வரும் பதிலால் ஆகஸ்ட் 3க்கு முன் நான் செய்யப்போகும் ஏதாவது மாறுமா? மாறினால் இப்போது கேளுங்கள். கேன்டீன், பார்க்கிங், டிரெஸ் எல்லாம் சேர்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரே சொல்லிவிடுவார்.

முதலில் புரொபேஷன். ஆறு மாதம் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 3ல் சேர்ந்தால் பிப்ரவரி 2ல் முடிகிறது. பிப்ரவரி 3 காலையில் நீங்கள் யார்? இதற்குப் பெரும்பாலான கடிதங்களில் பதில் இருக்காது. ‘திருப்திகரமாக இருந்தால் எழுத்து மூலம் நிரந்தரமாக்கப்படுவீர்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள், கடிதம் வராதவரை நீங்கள் புரொபேஷனில்தான் இருக்கிறீர்கள். நாள் கடந்துவிட்டதே, தானாக நிரந்தரமாகியிருப்போம் என்று நினைப்பது நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு. 1968ல் பஞ்சாப் அரசு – தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துச் சொன்னது: இதற்கு மேல் புரொபேஷனை நீட்டவே முடியாது என்று விதியில் உச்சவரம்பு இருந்து, அதையும் தாண்டி ஒருவரை வேலையில் வைத்திருந்தால், அவர் நிரந்தரமாகிவிட்டதாகக் கொள்ளலாம். அப்படி வரம்பு இல்லையென்றால் மௌனம் நிரந்தரம் ஆகாது. அது அரசு வேலை பற்றிய வழக்கு. தனியாரில் உங்கள் கடிதத்தின் வாசகம்தான் பேசும். அதனால்தான் ‘அதிகபட்சம் எத்தனை மாதம் நீட்டிக்கலாம்?’ என்ற கேள்வி முக்கியம். ஆறு மாதம் என்று போட்டுவிட்டு ‘நிர்வாகத்தின் விருப்பப்படி நீட்டிக்கப்படலாம்’ என்று முடித்திருந்தால், அந்த ஆறுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

இதில் பணம் எப்படிப் போகும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மார்ச் 31க்குள் நிரந்தரமானவர்களுக்குத்தான் ஏப்ரல் ஊதிய உயர்வு. ஒரு பெண் உங்களைப் போலவே ஆகஸ்ட் தொடக்கத்தில் சேர்ந்தாள். பிப்ரவரியில் அவளுடைய மேனேஜர் நீண்ட விடுப்பில் இருந்தார். மதிப்பீட்டுப் படிவம் அவருடைய இன்பாக்ஸிலேயே கிடந்தது. யாரும் அவள் வேலையைக் குறை சொல்லவில்லை. படிவம் நகரவில்லை, அவ்வளவுதான். நிரந்தரக் கடிதம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது, அந்தத் தேதியையே போட்டு. ஒரு வருட உயர்வு போய்விட்டது. ‘என்னிடம் யாரும் சொல்லவே இல்லையேக்கா’ என்று என் மேசை முன்னால் நின்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பிப்ரவரி 2க்கு இரண்டு வாரம் முன்னால் அவளே ஒரு மெயில் போட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும். ஆனால் அப்படிப் போட வேண்டும் என்று தெரிய, நிரந்தரம் எப்படி நடக்கிறது, படிவத்தை யார் தொடங்க வேண்டும் என்பதை அவள் சேரும்போதே கேட்டிருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் நிரந்தரமானால் அடுத்த ஊதிய உயர்வுக்குத் தகுதி என்பதையும் சேர்த்து.

அடுத்தது நோட்டீஸ். புரொபேஷனில் ஒரு கணக்கு, நிரந்தரமான பிறகு வேறு கணக்கு. 15 நாள் அல்லது 30 நாள், பிறகு 60 அல்லது 90 என்று பல இடங்களில் இருக்கும். இதில் இரண்டு விஷயம் பாருங்கள். கம்பெனி உங்களுக்குக் கொடுக்க வேண்டியதும் நீங்கள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதும் ஒரே அளவா? சில கடிதங்களில் அவர்கள் 7 நாளில் அனுப்பலாம், நீங்கள் மட்டும் 60 நாள் இருக்க வேண்டும் என்று இருக்கும். இரண்டாவது, புரொபேஷனை நீட்டித்தால் அந்த நீட்டிப்புக் காலத்தில் எந்த நோட்டீஸ் பொருந்தும்?

இங்கே சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41: ஒருவர் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்துவிட்டால், நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ கொடுக்காமலும் அவரை நிறுத்தக் கூடாது. அந்தப் பிரிவு எண்ணுவது ஆறு மாத வேலையைத்தான். நிரந்தரக் கடிதம் வந்ததா என்று கேட்கவில்லை. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபணமானால் நோட்டீஸும் தேவையில்லை. இதை எச்.ஆருக்கு எழுதும் மெயிலில் மேற்கோள் காட்ட வேண்டாம். சேருவதற்கு முன்பே சட்டப் பிரிவு பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பி.எஃப். எல்லாம் புரொபேஷன் முடிந்த பிறகுதான்’ என்று யாராவது சொன்னால் அது தவறு. நீங்கள் கோயம்புத்தூரிலேயே பி.எஃப். உறுப்பினர். பி.எஃப். வரம்புக்குள் வரும் கம்பெனியில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே பிடித்தம் தொடங்க வேண்டும். சம்பளம் 15,000க்கு மேல் இருந்தாலும், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவருக்கு விலக்கு கிடையாது. கிராஜுவிட்டிக்கான சேவைக் காலமும் சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படும். மருத்துவக் காப்பீடு கம்பெனியின் பாலிசியைப் பொறுத்தது. அது முதல் நாளிலிருந்தா, பெற்றோரைச் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்று ஒரு வரி கேளுங்கள். அந்த அவகாசத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

சரி, ஆவணங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். அதற்குக் காரணம் இனிஷியல்.

நம் ஊரில் இனிஷியல் ஓர் எழுத்தோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ராம., அழ., சித., பழ., மெய. என்று அப்பா பெயர், ஐயா பெயர் இரண்டையும் சுருக்கி முன்னால் வைப்போம். போன வருடம் ஒரு பையனுக்காகக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ‘ஆர்.எம்.ஏ.எல்.’ என்று நான்கு ஆங்கில எழுத்து. அது இரண்டே பெயர்: ராமநாதன், அழகப்பன். காலேஜ் டிகிரியில் பின்னால் ஒரே ‘ஏ’. ஆதாரிலும் பின்னால் ‘ஏ.எல்.’ பான் கார்டில் இனிஷியல் போட முடியாது என்பதால் அப்பாவின் முழுப்பெயர் கடைசியில். ஆக நான்கு கார்டில் நான்கு பெயர். வடக்கே எங்கோ உட்கார்ந்து பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சிக்காரர் ‘ஆர்.எம்.ஏ.எல்.’ என்பதை நான்கு தனித்தனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அறிக்கையில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்துவிட்டது. சேரும் நாள் பதினொரு நாள் தள்ளிப்போனது. பழைய வேலையை விட்டாயிற்று, புது வேலையில் சம்பளம் தொடங்கவில்லை.

இரண்டாவது தடவை நாங்கள் செய்தது சுலபமான வேலை. ஒரு ஏ4 தாளில் ஒரு பக்கம் ஆவணத்தின் பெயர், எதிரே அதில் பெயர் அச்சாகியிருக்கும் விதம், எழுத்துக்கு எழுத்து அப்படியே. கீழே ‘ஆர்.எம். என்பது தாத்தா பெயரான ராமநாதன், ஏ.எல். என்பது தந்தை பெயரான அழகப்பன். மேலே உள்ள அனைத்தும் ஒருவரையே குறிக்கும்’ என்று இரண்டு வரி, கையெழுத்து, தேதி. அப்பா பெயர் முழுதாக உள்ள பான் கார்டையும் அப்பாவின் ஆதார் நகலையும் பின்னால் வைத்தோம். மூன்றாம் நாள் ‘சரி’ என்று பதில் வந்தது. இதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே இப்போது செய்து மெயிலோடு இணைத்துவிடுங்கள். சுய உறுதிமொழி போதுமா, நோட்டரி முன் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டுமா என்பது மட்டும் கேள்வி. கெஜட்டில் போடலாமா என்று யாராவது பயமுறுத்தினால், எச்.ஆர். எழுத்தில் கேட்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: சம்பளப் பதிவேட்டிலும் பி.எஃப். கணக்கிலும் என் பெயரை எந்த ஆவணத்தின்படி ஏற்றுவீர்கள்? பி.எஃப். ஆதாரோடு இணைந்தது, ஆதாரில் உள்ளபடியேதான் பெயர் இருக்க வேண்டும். மார்க் ஷீட்டைப் பார்த்து ஏற்றிவிட்டால், உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணான யு.ஏ.என். இணையாமல் முதல் மாதப் பணமே தொங்கும். சில இடங்களில் இணையவில்லை என்று புது யு.ஏ.என். எடுக்கச் சொல்வார்கள். ஒருவருக்கு இரண்டு யு.ஏ.என். ஆனால், பழைய பணத்தை மாற்ற நீங்கள்தான் அலைய வேண்டும். பழைய எண்ணைக் கொடுத்து, அதிலேயே தொடருமாறு மெயிலில் எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் பி.எஃப். உறுப்பினர் தளத்துக்குள் போய், சேவை வரலாற்றில் கோயம்புத்தூர்க் கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால் முதலில் அவர்களைக் கேளுங்கள். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கடந்த பிறகு நீங்களே பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது.

ரிலீவிங் லெட்டர் உங்களுக்கு உண்மையான நெருக்கடி. ஜூலை 31 கடைசி நாள், ஆகஸ்ட் 3 சேரும் நாள். நடுவில் இரண்டே நாள். பல கம்பெனிகள் கணக்கு முடித்த பிறகுதான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கும். அது சில வாரம் இழுக்கும். அதனால் இப்போதே கேளுங்கள்: ரிலீவிங் லெட்டர் அன்றைக்குள் வராவிட்டால், ராஜினாமாவை ஏற்று கடைசி நாளைக் குறிப்பிட்டு வந்த மெயில் போதுமா, அசல் கடிதத்துக்கு எத்தனை நாள் அவகாசம்? பெரும்பாலும் ‘போதும், 30 நாள்’ என்பது போல ஒரு பதில் வரும். வராவிட்டால் சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிக் கேட்க இப்போதே நேரம் இருக்கிறது.

அசல் சான்றிதழ்களைப் பற்றி ஒரே வார்த்தை: காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. எனக்கு முதல் வேலை கொடுத்த கம்பெனி டிகிரி அசலை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டது. விலகும்போது அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் கையில் இருந்த அடுத்த வாய்ப்பு போய்விட்டது. ‘அசல்கள் சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்படுமா?’ என்று பணிவாகக் கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால், அங்கே பாண்ட் ஏதாவது உண்டா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டிய இடம் அது.

வருமான வரிக்கு ஒரு சின்ன வேலை. ஏப்ரல் முதல் ஜூலை வரை கோயம்புத்தூரில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது கம்பெனிக்குச் சொல்ல எந்தப் படிவம், எப்போது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் இருவரும் தனித்தனியாக நிலையான கழிவைக் கொடுத்துக் குறைவாக வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

இனி லேப்டாப். ஊரிலிருந்து வேலை என்றதும் எல்லாரும் ‘எப்போது அனுப்புவீர்கள்’ என்று மட்டும் கேட்பார்கள். அதைவிட முக்கியமானது, அது ஆகஸ்ட் 3க்குள் வராவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, சேரும் தேதி தள்ளுமா என்பது. தேதி தள்ளினால் மேலே சொன்ன புரொபேஷன் கணக்கு, முதல் மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்து நகரும். ‘லேப்டாப் தாமதமானாலும் பணியில் சேர்ந்த தேதி ஆகஸ்ட் 3 ஆகவே இருக்கும்’ என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிவிட்டால் நிம்மதி.

முகவரியை அவர்கள் படிவத்தில் இருப்பதோடு விட்டுவிடாதீர்கள். நம் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீள்பவை. பின்தெருவில் நின்று போன் அடித்துவிட்டு, ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிய கூரியர் கதை எனக்கே தெரிந்து மூன்று உண்டு. வாசல் எந்தத் தெருவில், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது ஊருணி, நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால் வீட்டில் யார் வாங்குவார்கள், அவர் போன் எண் என்ன என்று எழுதுங்கள். வேறொருவர் கையெழுத்திட்டு வாங்கலாமா என்றும் கேளுங்கள். சில கம்பெனிகள் உரியவரிடம் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்கச் சொல்லும். பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும், பிரித்த பிறகு திரை, மூடி, சீரியல் எண் எல்லாம் போட்டோ எடுத்து அன்றே மெயிலில் அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்து மூலையில் இருக்கும் ஒரு கீறலுக்குப் பணம் பிடிக்கப் பார்த்தால், அந்த மெயில்தான் சாட்சி.

வீட்டுக்குள் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். இது கேட்க வேடிக்கையாக இருக்கும். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் மேசை போட்டால் அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வராது. எங்கள் வீட்டில் வளவைக் கடந்ததுமே ஒரு கோடுதான் காட்டும். கேபிள் இழுப்பதுதான் வழி. புது லேப்டாப்புகள் பலவற்றில் கேபிள் செருக இடமே இருக்காது. அதற்கு ஓர் அடாப்டர் வேண்டும். வெளியில் வாங்கிச் செருகினால் கம்பெனி மெஷின் ஏற்காமலும் போகலாம். ஆகவே லேப்டாப்போடு நெட்வொர்க் அடாப்டரும் ஹெட்செட்டும் வருமா என்று கேளுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளும் வரும். லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிவிடலாம். ‘முன்கூட்டியே அறிவித்த மின்தடை நாளில் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா, விடுப்பாகக் கணக்கிடுவீர்களா?’ என்று ஒரு வரி கேட்டு வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

உங்கள் சொந்த போனைப் பற்றியும் கேளுங்கள். லாகின் செய்ய அதில் ஒரு ஆப் போட வேண்டும் என்பது சாதாரணம். ஆனால் போன் முழுவதையும் கட்டுப்படுத்தி, தேவைப்பட்டால் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கும் வகை ஆப் என்றால், தனி போன் கேட்பது நியாயம்.

முதல் நாளைப் பற்றி அதிகம் இல்லை. ஆன்லைனிலா நேரிலா, எத்தனை மணி, யாரைக் கேட்க வேண்டும், அசல் சரிபார்ப்புக்குத் தனியாகச் சென்னை வர வேண்டுமா. காலை ஒன்பதரைக்கு நேரில் என்றால் பல்லவன் ரயிலை நம்ப முடியாது. அது சென்னை சேர மதியம் ஆகிவிடும். முந்தைய இரவு வண்டிக்கு டிக்கெட் போட வேண்டும். அந்தப் பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையது என்பதையும் கேளுங்கள். முதல் மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதிக்குள் வங்கி விவரம் ஏற வேண்டும் என்பதும் இங்கேயே வரட்டும்.

மெயில் கீழே உள்ளதுபோல் இருக்கலாம். உங்கள் ஆபீஸ் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீளம் இதைத் தாண்ட வேண்டாம்.

“வணக்கம் மேடம். ஆகஸ்ட் 3 அன்று சேர ஆவலாக இருக்கிறேன். அதற்கு முன் தயாராவதற்காகச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன.

1. ஆறு மாதப் புரொபேஷன் முடிந்ததும் நிரந்தரம் கடிதம் மூலமா? மதிப்பீட்டை யார் தொடங்குவார்கள்? நீட்டிப்பு இருந்தால் அதிகபட்சம் எத்தனை மாதம், எப்போது தெரிவிப்பீர்கள்?
2. புரொபேஷனிலும், அது நீட்டிக்கப்பட்டாலும், இரு தரப்புக்கும் நோட்டீஸ் எத்தனை நாள்?
3. அடுத்த ஊதிய உயர்வுக்கு எந்தத் தேதிக்குள் நிரந்தரமாகியிருக்க வேண்டும்?
4. பி.எஃப். முதல் மாதத்திலிருந்து என் பழைய யு.ஏ.என். எண்ணிலேயே தொடருமா? மருத்துவக் காப்பீடு எந்த நாளிலிருந்து?
5. என் ஆவணங்களில் இனிஷியல் வேறுபடுகிறது. விளக்கத் தாளை இணைத்திருக்கிறேன். இது போதுமா, நோட்டரி பத்திரம் வேண்டுமா?
6. ரிலீவிங் லெட்டர் ஆகஸ்ட் 3க்குள் வராவிட்டால் ராஜினாமா ஏற்பு மெயில் போதுமா? அசல் சான்றிதழ்கள் சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்படுமா?
7. லேப்டாப் எந்தத் தேதியில் அனுப்பப்படும்? தாமதமானாலும் சேர்ந்த தேதி ஆகஸ்ட் 3 ஆகவே இருக்குமா? நெட்வொர்க் அடாப்டரும் உடன் வருமா? முழு முகவரி கீழே.
8. முதல் நாள் ஆன்லைனிலா நேரிலா, நேரம், தொடர்பு கொள்ள வேண்டியவர் யார்?

ஜூலை 10க்குள் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வேன். நன்றி.”

தேதி போட்டுக் கேட்பது அவசியம். இல்லையென்றால் இது அவர்கள் இன்பாக்ஸில் கீழே கீழே போகும். நான்கு வேலை நாள் பொறுத்துப் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லையென்றால் ஒரு போன். போனில் சொன்னதை அன்று மாலையே ‘நீங்கள் சொன்னபடி...’ என்று தொடங்கி நான்கு வரி மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

பதில் வந்ததும் ஆஃபர் லெட்டரோடு ஒட்டிப் பாருங்கள். மெயிலில் ‘நோட்டீஸ் 30 நாள்தான்’ என்று எச்.ஆர். சொல்லியிருப்பார், லெட்டரில் 90 என்று இருக்கும். ‘இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம்’ என்ற வரி லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருந்தால், சண்டை வரும் நாளில் பேசுவது லெட்டர்தான். மெயில் எழுதிய மேடம் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நோட்டீஸ், புரொபேஷன் நீட்டிப்பு, சேரும் தேதி இந்த மூன்றில் வித்தியாசம் தெரிந்தால், திருத்திய கடிதம் அல்லது ஒரு பக்க இணைப்புக் கடிதம் கேளுங்கள். லேப்டாப், முதல் நாள் நேரம் போன்றவற்றுக்கு மெயிலே போதும்.

இனிஷியல் தாளை எழுதும்போது உங்கள் ஐயா பெயரை அப்பாவிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தப் பையன் முதலில் எழுதிக் கொண்டுவந்த தாளில் ‘ஆர்.எம்.’ என்பதற்கு ராமசாமி என்று இருந்தது.